நேற்று வரைக்கும் ஓடிய டிவிகள்

அந்த ஷோரூமில் அவளை எல்லாரும் டியூப் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பதினாறு வருஷம் டிவி கம்பெனியில் பிக்சர் டியூபைத் தூக்கி வைத்து அதன் கழுத்தில் செம்புச் சுருள் மாட்டிக்கொண்டிருந்தவள். சுவரில் மாட்டுகிற தட்டை டிவி வந்ததும் கம்பெனியை இழுத்து மூடிவிட்டார்கள். கையில் கொடுத்த செக்கையும், தோளில் நிரந்தரமாகத் தங்கிவிட்ட வலியையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தவளுக்கு, டிவி விற்கிற இடத்திலேயே வேலை கிடைத்தது. விற்கிற வேலை இல்லை. விற்பதற்கு முகத்தில் எந்நேரமும் சிரிப்பு வேண்டும், அது அவளிடம் இல்லை. எக்ஸ்சேஞ்சுக்கு வருகிற பழைய டிவிகளைப் பார்த்து, தட்டி, தூக்கி, இது எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று சீட்டு எழுதி ஒட்டுகிற வேலை.

ஷோரூமின் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடியும் குளிர்காற்றும். பின்பக்கம் இரும்பு ஷட்டர், தகரக் கூரை, அடுப்பு மாதிரி ஒரு குடோன். இரண்டுக்கும் நடுவில் கதவோரமாக அவளுடைய மேஜை. ஒரு காதில் குளிர்காற்று, இன்னொரு காதில் அனல். ஏழு வருஷம் அப்படியே உட்கார்ந்ததில் மனுஷ ஜாதியைப் பற்றி அவளுக்கு ஒரு முடிவான அபிப்பிராயம் வந்திருந்தது. அது நல்ல அபிப்பிராயம் இல்லை.

"நேத்து வரைக்கும் நல்லா ஓடிச்சு மேடம்."

வருகிற அத்தனை பேரும் சொல்வது இதுதான். திரையில் கை நீளத்துக்கு விரிசல் இருக்கும். பின்மூடியைத் திறந்தால் கரப்பான் குடும்பத்தோடு வெளியே வரும். ஆனால் நேற்று வரைக்கும் ஓடியது.

"எல்லா டிவியும் நேத்து வரைக்கும் ஓடினதுதான் சார். இன்னிக்கு ஓடுதான்னு பாப்போம்" என்று அவள் பிளக்கைச் சொருகுவாள்.

சிலர் உள்ளே இருக்கிற போர்டைக் கழற்றி வைத்துக்கொண்டு வெறும் கூட்டைத் தூக்கி வருவார்கள். அவளுக்குப் பிளக் சொருக வேண்டிய அவசியமே இருக்காது. ஒரு ஓரத்தைத் தூக்கினாலே போதும், "குடல எங்க விட்டுட்டு வந்தீங்க?" என்று கேட்டுவிடுவாள். இன்னும் சிலர் ஸ்மார்ட் டிவியைத் தங்கள் கணக்குகளிலிருந்து வெளியேறாமல் அப்படியே கொண்டுவந்து வைப்பார்கள். போட்டதும் அவர்களுடைய வீட்டுப் போட்டோவெல்லாம் வரிசையாக ஓடும். எதையெதைத் தேடினார்கள், ராத்திரி எதைப் பார்த்தார்கள் என்று திரையே புட்டுப்புட்டு வைக்கும். அவள் ஒன்றும் சொல்லாமல் செட்டிங்ஸுக்குள் போய் எல்லாவற்றையும் அழித்து, புதிதாக வந்த நாள் மாதிரி ஆக்கிவிட்டுத்தான் சீட்டு எழுதுவாள். பக்கத்தில் நிற்கிற மனைவியின் முகத்தை மட்டும் பார்க்க மாட்டாள். அந்த அளவுக்கு அவளிடம் இரக்கம் இருந்தது.

ஆனாலும் வாங்க வருகிறவர்கள் மேல் இருந்த அலட்சியம், விற்கிறவர்கள் மேல் இருந்ததில் பாதிகூட வராது.

மேனேஜருக்கு நாற்பது வயது. எப்போதும் புதிதாகத் தேய்த்த சட்டை, எப்போதும் ஈரமாகத் தெரிகிற தலைமுடி. எக்ஸ்சேஞ்ச் சலுகை என்று அவர் வைத்திருந்த வித்தை அவளுக்கு மனப்பாடம். புது டிவியின் விலையில் முதலில் கொஞ்சத்தை ஏற்றுவார். பழைய டிவி கொண்டுவந்தால் ஏற்றியதைக் குறைப்பார். டிவியே கொண்டுவராமல் நாலு தடவை முகத்தைச் சுளித்துக்கொண்டு வாசல்வரை போகிறவனுக்கும் அதே தொகையைக் குறைத்துக் கொடுப்பார். ஆக, பழைய டிவிக்கு அந்தக் கடையில் உண்மையான மதிப்பு பூஜ்யம். ஆனால் ஜனங்கள் அதைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க மாடிப்படி இறங்கி, வண்டி பிடித்து, ஏதோ புதையலை விற்க வந்த மாதிரி வருவார்கள்.

மேஜைக்கு மேலே ஒரு பச்சை போஸ்டர். 'பழையதைத் தாருங்கள், பூமியைக் காப்போம். உங்கள் டிவி அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சி நிலையத்துக்குச் செல்கிறது.' கீழே ஒரு இலை, இலைக்குள்ளே ஒரு குழந்தை. வாசகம் மேனேஜரே யோசித்தது. அதைப் பெருமையாகச் சொல்லவும் செய்வார்.

டிவிகள் எங்கே போயின என்பது குடோனில் எல்லாருக்கும் தெரியும். திங்கட்கிழமையும் வியாழக்கிழமையும் ஒரு மினி லாரி வரும். அதில் வருகிறவருக்குக் குடோனில் 'வெள்ளைச்சட்டை' என்று பெயர். பழைய இரும்பு, பேட்டரி, அட்டை எல்லாம் வாங்குகிற காயலான் கடைக்காரர். சட்டையில் மட்டும் ஒரு பொட்டு அழுக்கு இருக்காது. மேனேஜர் கேட் பாஸில் கையெழுத்துப் போடுவார், இரண்டு பேரும் குடோன் மூலையில் நின்று கொஞ்ச நேரம் சிரித்துப் பேசுவார்கள், லாரி போய்விடும். அங்கீகாரம் பெற்ற நிலையம் என்றால் இந்த மனுஷன்தானா என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. சீட்டு எழுதி ஒட்டுவதோடு தன் வேலை முடிந்தது என்று இருந்துவிட்டாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் மாநகராட்சி சுகாதார மேற்பார்வையாளர் அம்மா ஒருவர் நேராக அவளுடைய மேஜைக்கு வந்தார். காக்கி நிறக் கோட்டு, முட்டிவரைக்கும் சேறு. கையில் ஒரு பிளாஸ்டிக் பை. பைக்குள் கறுப்பாக ஒரு டிவி பின்மூடித் துண்டு. அதில் ஒட்டிய சீட்டு மட்டும் கிழியாமல் இருந்தது.

"இது நீங்க எழுதினதாம்மா?"

மேலே கடை முத்திரை. எண் 214. இருபத்தொன்பது இஞ்ச், பிக்சர் டியூப், ஓடவில்லை. தேதி. கீழே அவளுடைய கையெழுத்து. பசை நன்றாகப் பிடிக்க வேண்டும் என்று நாலு மூலையையும் அவளே கட்டைவிரலால் அழுத்தியிருந்தாள்.

"நான்தான் எழுதினேன். இது எங்க கெடைச்சுது?"

"மழைநீர்க் கால்வாய்ல. நேத்து அடைப்பெடுக்க எங்க பணியாளரம்மா ஒருத்தங்க எறங்கினாங்க. சேத்துக்குள்ள கண்ணாடி கெடந்திருக்கு. கையுறையோட சேர்த்து உள்ளங்கைய கிழிச்சிடுச்சு. ரெண்டு வெரல் மடங்க மாட்டேங்குது. ஆஸ்பத்திரியில நரம்பு தச்சிருக்காங்க." அந்த அம்மாவின் குரலில் கோபம்கூட இல்லை, களைப்புதான் இருந்தது. "வந்து பாக்கறீங்களா?"

அவள் மேனேஜரிடம் சொல்லாமலே கிளம்பினாள்.

கால்வாய் ஷோரூமுக்குப் பின்தெருவிலிருந்து நடக்கிற தூரம்தான். கரையில் அரை ஆள் உயரத்துக்கு டிவிக் கூடுகள். ஒவ்வொரு டியூபிலும் கழுத்தை உடைத்திருந்தார்கள். அதற்கான காரணம் அவளுக்குத்தான் தெரியும். கழுத்தை உடைத்தால்தான் செம்புச் சுருளை ஒரே இழுப்பில் உருவ முடியும். அவள் பதினாறு வருஷம் ஒரு நூல் பிசகாமல் மாட்டிய சுருள். டியூபைச் சுற்றியிருக்கிற இன்னொரு செம்பு வளையத்தையும் அறுத்து எடுத்திருந்தார்கள். போர்டுகள் இல்லை. வயர்களைத் தீயில் போட்டுப் பிளாஸ்டிக்கை உருக்கிச் செம்பை எடுத்த இடம் தரையில் கறுப்பாக வட்டம் வட்டமாக இருந்தது. நாற்றம் இன்னும் போகவில்லை. விற்க முடியாத கண்ணாடியை மட்டும் கால்வாய்க்குள் தள்ளிவிட்டிருந்தார்கள்.

"இதுல என்ன இருக்கும்மா, வெறும் கண்ணாடிதானே?" என்றார் மேற்பார்வையாளர்.

"வெறும் கண்ணாடி இல்லம்மா. பின்னாடி கூம்பு மாதிரி இருக்குற பாகத்துல ஈயம் கலந்திருப்பாங்க. முன்கண்ணாடிக்கு உள்பக்கம் வெள்ளையா மாவு மாதிரி பூச்சு இருக்கும், அது மூச்சுல போகக்கூடாது. கம்பெனியில டியூபு ஒண்ணு உடைஞ்சா கண்ணுக்குக் கண்ணாடி மாட்டிட்டுத்தான் கிட்டவே விடுவாங்க. உள்ள காத்தே இருக்காது, உடைஞ்சா சில்லு வெடிச்சுச் செதறும்." சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். அந்தக் குவியலில் இன்னும் ஆறு சீட்டுகள் தெரிந்தன. ஆறிலும் அவள் கையெழுத்து.

திரும்பி வரும்போது இருந்த கேவல உணர்ச்சி வேறு மாதிரி. இதுவரைக்கும் அடுத்தவர்கள் மேல் தாராளமாகச் செலவழித்த அலட்சியமெல்லாம் மொத்தமாகத் தன் பக்கம் திரும்பி நிற்பது போல இருந்தது. மினி லாரி வந்த ஒவ்வொரு வியாழக்கிழமையும் அவள் டீ குடித்துக்கொண்டு பார்த்தவள்தானே?

மேனேஜர் அவளுக்காகக் காத்திருந்தார். அதற்குள் மேற்பார்வையாளர் ஆள் மூலம் அனுப்பிய நோட்டீஸ் அவர் மேஜைமேல் கிடந்தது. வழக்கத்தைவிட மரியாதை ஜாஸ்தியாக இருந்தது. அப்போதே அவள் உஷாராகிவிட்டாள்.

"உக்காருங்க அக்கா. டீ சொல்லட்டுமா? ஒண்ணுமில்ல, ஒரு சின்ன லெட்டர். 'இன்ன எண்ணுள்ள டிவிகளைத் தெரியாத நபர் ஒருவரிடம் தவறுதலாகக் கொடுத்துவிட்டேன்'னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டா, நான் மேல பேசி முடிச்சிடுவேன். உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகாது. நான் இருக்கேன்ல?"

"தெரியாத நபரா?"

"ஒரு பேச்சுக்கு."

"போன வியாழக்கிழமை அந்தத் தெரியாத நபர் தோள்ல கை போட்டுட்டு நின்னீங்களே சார்."

மேனேஜரின் சிரிப்பு கொஞ்சம் இறங்கி, மறுபடி ஏறியது. "அக்கா, நடைமுறைன்னு ஒண்ணு இருக்கு. அந்த மறுசுழற்சிக்காரன் வந்தா இந்த டியூப் டிவிக்கெல்லாம் பைசா பெயராது. பேப்பர் கேப்பான், எடை போடுவான், ஒரு நாள் போயிடும். இவரு சத்தமில்லாம எடுத்துட்டுப் போறாரு. எடத்தையும் காலி பண்ணிக் கொடுக்கறாரு. எல்லாக் கடையிலயும் இதான். போஸ்டர்ல போடுறது எல்லாம் விளம்பரம்தானே? அதுல எழுதினபடியே நடக்கணும்னா வியாபாரம் பண்ண முடியுமா?"

"கை கிழிஞ்சவங்களுக்கு என்ன பதில் சார்?"

"அதுக்கு அவங்க டிபார்ட்மெண்ட் இருக்கு. நாம என்ன கால்வாயில தள்ளினோமா?"

அந்த ஆளின் முகத்தை அவள் நன்றாகப் பார்த்தாள். பொய் சொல்கிற முகம்கூட இல்லை அது. உண்மையாகவே அவருக்கு அதற்குமேல் எதுவும் தோன்றவில்லை. வன்மம் என்றால்கூட ஒரு மரியாதை கொடுத்திருப்பாள். இது சுத்த வெறுமை. உள்ளே போர்டு இல்லாத டிவி.

"கேட் பாஸ் மூணு காப்பி எழுதறோம் சார். ஒண்ணு செக்யூரிட்டிகிட்ட, ஒண்ணு உங்ககிட்ட, ஒண்ணு எங்கிட்ட. எல்லாத்துலயும் உங்க கையெழுத்து. லெட்டர் நான் எழுதறேன். ஆனா என் லெட்டர நான்தான் எழுதுவேன்."

ராத்திரி சாப்பிடும்போது புருஷனிடம் சொன்னாள். பஸ் டிப்போவில் மெக்கானிக். அதிகம் பேசாத மனுஷன்.

"வேலை போகும்" என்றான்.

"தெரியும்."

"சும்மா சொன்னேன். எழுதணும்னா எழுது. ஆனா திட்டி எழுதாத. எண்ணு, தேதி, யாரு எடுத்துட்டுப் போனாங்க. அவ்வளவுதான். திட்டினா, திட்டினதுக்கு மட்டும் பதில் வரும்."

அவன் சொன்னது சரி. ஒரே பக்கத்தில் எழுதினாள். ஒரு வசவு இல்லை. அதை எழுதி முடிப்பதற்கு ஆனதைவிட வசவை அடக்குவதற்குத்தான் அதிக நேரம் ஆனது.

யாருக்கு அனுப்புவது என்பதற்கு விடை குடோனிலேயே கிடந்தது. புது டிவிப் பெட்டியில் வருகிற கையேட்டை யாரும் கடைசிப் பக்கம்வரை படித்ததில்லை. அவளும்தான். அன்றைக்குப் படித்தாள். ஒவ்வொரு டிவியின் பின்புறமும் இருக்குமே, சக்கரம் வைத்த குப்பைத்தொட்டி, அதற்குக் குறுக்கே பெருக்கல் குறி, அந்தப் படம் அங்கேயும் இருந்தது. இந்தப் பொருளைச் சாதாரணக் குப்பையோடு போடக்கூடாது, எங்களிடம் ஒப்படையுங்கள், நாங்களே எடுத்துக்கொள்வோம் என்று போட்டு, கட்டணமில்லாத ஒரு எண். மேனேஜரிடம் ஒருதடவை இந்தப் படத்துக்கு அர்த்தம் கேட்டதற்கு, "டிவிய தொட்டி மேல வைக்கக் கூடாதுன்னு போட்டிருக்கான்" என்று சொன்னவர் அவர்.

எண்ணில் பேசிய பெண்ணுக்கு முதலில் புரியவில்லை. "ஒரு டிவியா மேடம்?"

"முப்பத்தொண்ணு குடோன்ல இருக்கு. ஏற்கெனவே போனது எத்தனைன்னு எங்கிட்ட சீட்டு எண்ணு இருக்கு."

"கொஞ்சம் இருங்க மேடம்" என்றாள் அந்தப் பெண். பிறகு வேறொருவர் வந்தார், அவர் குரலில் தூக்கக் கலக்கம் இல்லை. அப்போதுதான் அவளுக்கு முழு வண்டவாளமும் தெரிந்தது. டிவி செய்கிற கம்பெனி, விற்ற டிவிக்கு ஈடாக இத்தனை எடைக்குப் பழையதைச் சேகரித்து முறையாகப் பிரிக்கக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். எக்ஸ்சேஞ்ச் டிவிகளைச் சேர்த்து வைத்து, தாங்கள் அமர்த்தியிருக்கிற மறுசுழற்சி நிலையத்துக்குக் கொடுப்பதற்காகக் கம்பெனி இந்தக் கடைக்கு, டிவி வந்தாலும் வராவிட்டாலும், மாதாமாதம் ஒரு தொகையும் கொடுத்துவந்தது. மேனேஜர் அதையும் வாங்கிக்கொண்டு, 'இந்த மாதம் டிவி எதுவும் வரவில்லை' என்று ஒவ்வொரு மாதமும் எழுதி அனுப்பியிருந்தார். ஒரே டிவியை இரண்டு தடவை விற்கிற சாமர்த்தியம்.

லெட்டர் மூன்று இடத்துக்குப் போனது. கம்பெனிக்கு ஒன்று, சுகாதார மேற்பார்வையாளருக்கு ஒன்று, கடை முதலாளிக்கு ஒன்று.

இடையில் 214-ஆம் எண் டிவிக்குச் சொந்தக்காரருக்கும் போன் செய்தாள். தன் குடியிருப்புச் சங்கத்துக்குச் செயலாளர் அவர். டிவி கொடுக்க வந்த அன்று முக்கால் மணி நேரம் பேரம் பேசிவிட்டு, பச்சை போஸ்டர் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்து, 'இயற்கைக்கு என் சிறு பங்களிப்பு' என்று நூற்றைம்பது பேருக்கு அனுப்பியவர். தன் டிவி கால்வாயில் கிடந்த கதையை அமைதியாகக் கேட்டார்.

"ஐயய்யோ. எம் பேரு எங்கயாவது வருமா?"

"உங்க பேரு சீட்டுல இல்ல சார். எண்ணு மட்டும்தான்."

"அப்பாடா" என்றார். வெட்டுப்பட்ட கையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "எதுக்கும் அந்த போட்டோவ அழிச்சுடறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தார். போட்டோவை அழித்துவிட்டால் கால்வாய் சுத்தமாகிவிடும் போலிருக்கிறது.

அந்த வியாழக்கிழமை மினி லாரி வந்தபோது குடோன் ஷட்டர் பூட்டியிருந்தது. காலையில் திறக்க வாங்கிய சாவி அவள் இடுப்பில்.

"என்ன அக்கா, கோச்சுக்கிட்டீங்களா?" வெள்ளைச்சட்டை குழைந்தார்.

"அங்கீகாரப் பேப்பர் இருந்தா காட்டுங்க, தொறக்கறேன்."

"பதினஞ்சு வருஷமா இந்தத் தொழில் பண்றேன். எங்கிட்டயே பேப்பர் கேக்கறீங்க?"

"பதினஞ்சு வருஷத்துல ஒரு பேப்பர் வாங்கத் தோணலையா உங்களுக்கு?"

மேனேஜர் கண்ணாடிக் கதவுக்குள்ளேயே நின்றுகொண்டார். வெளியே வந்தால் தோழன் பக்கம் பேச வேண்டும், இல்லை சாவிக்காரி பக்கம் பேச வேண்டும். இரண்டுக்கும் அவரிடம் தைரியம் இல்லை. போன் பேசுகிற மாதிரி காதில் வைத்துக்கொண்டு நின்றார். போன் தலைகீழாக இருந்தது.

மறுநாள் மறுசுழற்சி நிலையத்து வண்டி வந்தது. மூடிய வண்டி. இறங்கிய நாலு பேருக்கும் கையுறை, தடித்த பூட்ஸ். மேற்பார்வை பார்த்த இளம்பெண் எடைக்கருவியைத் தரையில் மட்டமாக வைத்துச் சரிபார்த்த விதத்திலேயே அவளுக்குப் பிடித்துப்போயிற்று. டியூப் டிவி தனி, தட்டை டிவி தனி. பழைய தட்டை டிவிகளைக் கேட்டு வாங்கி ஒதுக்கி வைத்தாள் அந்தப் பெண்.

"திரைக்குப் பின்னாடி பென்சில் கனத்துல விளக்குக் குழாய் இருக்கும்லக்கா, அதுல பாதரசம். படுக்கப் போட்டு அடுக்கக் கூடாது, நிக்க வைக்கணும்."

"டியூபெல்லாம் என்ன பண்ணுவீங்க?"

"முன்கண்ணாடியையும் பின்கூம்பையும் சூடான கம்பியால தனித்தனியா பிரிச்சிடுவோம். மூடின அறையில, காத்து உறிஞ்சற மெஷின் வச்சு உள்பூச்ச எடுத்துடுவோம். ஈயக் கண்ணாடி அதுக்குன்னு எடுக்கற எடத்துக்குப் போகும். போர்டெல்லாம் வேற எடத்துக்கு."

ஏழு வருஷத்தில் முதல் தடவையாக, எதிரே நிற்கிற மனுஷிக்குத் தன் வேலை தெரிந்திருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. அந்த எண்ணமே விநோதமாக இருந்தது. முப்பத்தொரு டிவிக்கும் ஒவ்வொன்றாக எண் சொன்னாள். அந்தப் பெண் ரசீதில் எழுதி, எடை போட்டு, முத்திரை குத்திக் கொடுத்தாள்.

கதை இதோடு முடிந்திருந்தால் நியாயம் ஜெயித்தது என்று சொல்லிவிடலாம். முதலாளி வந்தார். லெட்டரைப் படித்தார். கம்பெனிக்காரர்கள் சலுகையை நிறுத்திவிடுவார்களோ என்பதுதான் அவர் கவலை. மாநகராட்சிக்கு அபராதம் கட்டினார். கால்வாயைச் சுத்தம் செய்கிற செலவும் கடை தலையில் விழுந்தது. மேனேஜரை வேலையை விட்டுத் தூக்குவார் என்று குடோனே காத்திருந்தது. தூக்கினார்தான். இன்னொரு கிளைக்கு, இன்னும் பெரிய கிளைக்கு. "அனுபவம் உள்ள ஆளு" என்றார் முதலாளி. போகிற அன்று மேனேஜர் எல்லாருக்கும் கேக் வாங்கிக் கொடுத்தார். அவளுக்கும் ஒரு துண்டு நீட்டினார். மனதில் எதையும் வைத்துக்கொள்ளாத மாதிரி சிரித்தார். வைத்துக்கொள்ள அங்கே இடம் இல்லை என்பதுதான் நிஜம். அவள் வேண்டாம் என்றாள்.

புதிதாக வந்த மேனேஜர் முதல் வேலையாக மறுசுழற்சி ரசீதைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, வாசலில் மாட்டினார். வண்டி முன்னால் நின்று முதலாளியும் அவரும் எடுத்துக்கொண்ட போட்டோ பக்கத்தில். அவள் அந்தப் போட்டோவில் இல்லை; கூப்பிட்டார்கள், வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டாள். ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் அவள் விட்டுக்கொடுக்கவில்லை. குடோன் சாவி அவளிடம்தான் இருக்க வேண்டும், அவள் எண் சரிபார்க்காமல் ஒரு டிவியும் வெளியே போகக்கூடாது. முதலாளி சரி என்றார். அவருக்கு அதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

இதெல்லாம் முடிந்து வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் கை வெட்டுப்பட்ட பணியாளரம்மாவைப் பார்க்கப் போனாள். மேற்பார்வையாளரிடம் விலாசம் வாங்கியிருந்தாள். போவதற்குள் மூன்று தடவை மனசு மாறியது. என்ன சொல்வது? என் சீட்டு ஒட்டின டிவிதான் உங்கள் கையைக் கிழித்தது என்றா?

ஒரே அறை வீடு. அந்த அம்மா தன்னைவிட வயதில் சின்னவள் என்பதே போன பிறகுதான் தெரிந்தது. இடது கையில் கட்டு. கதவைத் திறந்து, யார் என்று சொன்னதும், நாற்காலியைக் காலாலேயே தள்ளிவிட்டாள்.

"உக்காருங்க. நீங்கதான் அந்தச் சீட்டு எழுதினவங்களா?"

"ஆமா. நான்தான். எங்க போகுதுன்னு நான் பாக்கல. பாத்திருக்கணும்."

 அந்த அம்மா சமாதானம் சொல்லவில்லை.

"பாத்திருக்கணும்தான்" என்றாள். பிறகு, "ஆனா சீட்டு இல்லன்னா இது யாரு போட்டதுன்னே தெரிஞ்சிருக்காது. போன வருஷம் இன்னொருத்தருக்குக் கால்ல குத்துச்சு. யாரு என்னன்னு ஒண்ணும் தெரியல. அப்படியே போயிடுச்சு. எனக்கு மருத்துவச் செலவு உங்க கடையிலருந்து வந்துச்சு. சம்பளத்தோட லீவும் வந்துச்சு. எங்க மேடம் உங்க லெட்டர வச்சுத்தான் கேட்டாங்களாம்."

"வெரலு?"

"இது மடங்குது. இது இன்னும் மடங்கல." காட்டினாள். "பயிற்சி பண்ணச் சொல்லியிருக்காங்க."

 வந்தவள் சொல்ல நினைத்து வந்த வார்த்தைகளில் ஒன்றுகூட அங்கே பொருந்தவில்லை. 

கிளம்பும்போது அந்த அம்மா கூப்பிட்டாள். "ஒரு சந்தேகம். கட்டிலுக்கு அடியில ஒரு டிவி கெடக்கு. எங்க அக்கா கொடுத்தது. ஓடி நாலு வருஷம் ஆச்சு. தெருவுல எடைக்குப் போடலாம்னு இருந்தேன், இப்போ கை வரமாட்டேங்குது. உங்க கடையில புதுசு வாங்கினாத்தான் எடுப்பீங்களாமே? எனக்குப் புதுசெல்லாம் வேணாம்."

"எங்க கடைக்கு வேணாம்" என்றாள் டியூப் அக்கா. "பிரிக்கற நிலையத்துல நேராவே வாங்கிப்பாங்க. எதுவும் வாங்கணும்னு இல்ல. சும்மா கொண்டுபோய்க் கொடுக்கலாம். ரசீது தருவாங்க. நானே எடுத்துட்டுப் போறேன்."

"கனமாச்சே. ஒத்தையா எப்படித் தூக்குவீங்க?"

"பதினாறு வருஷம் இதத்தான் தூக்கினேன்."

கட்டிலுக்கு அடியிலிருந்து மெதுவாக இழுத்தாள். தூசியைத் துடைத்தாள். பிளக் வயரைச் சுருட்டிக் கட்டினாள். டியூப் டிவியில் கனமெல்லாம் முன்கண்ணாடியில்தான் இருக்கும் என்பதால் திரையை நெஞ்சோடு அணைத்து, முட்டியை மடக்கி, ஒரே மூச்சில் தூக்கினாள். அந்த அம்மா ஒற்றைக் கையால் கதவை அகலமாகத் திறந்து பிடித்துக்கொண்டாள். வாசலில் அவள் வந்த ஆட்டோ நின்றது. "பாத்து, படி ஒசரம்" என்றாள் அந்த அம்மா.